பத்து சதவீதக் கடனின் நிஜ வட்டி என்ன?

"பத்து பர்சன்ட்தான் சார். மாசம் ஐயாயிரம், ரெண்டு வருஷம், முடிஞ்சிடும்." பைக் ஷோரூமில் கடன் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். அவர் சொல்வதில் பொய் என்று எதுவும் இல்லை. ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்றால் பத்தாயிரம். இரண்டு ஆண்டுக்கு இருபதாயிரம். மொத்தம் 1,20,000. அதை 24 மாதத்தால் வகுத்தால் சரியாக 5,000. மனக்கணக்கிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்தப் பத்து சதவீதத்தை யாரும் மறுபடி கேட்பதில்லை.

ஆனால் அந்தக் கடனின் நிஜ வட்டி பத்து அல்ல. இருபத்துமூன்றரை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் என்று எந்த விரிதாளைத் திறந்தாலும், ஒரே ஒரு சூத்திரத்தை ஒரு கட்டத்தில் தட்டினால் இது தெரிந்துவிடும். அதற்கு மூன்று எண்கள் போதும்: எத்தனை தவணை, தவணை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு. முதல் இரண்டில் யாரும் தவறுவதில்லை. மூன்றாவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பத்து எப்படி இருபத்துமூன்றரை ஆகிறது என்பதை இரண்டு படியாகப் பார்க்கலாம். முதல் படி, ஃபிளாட் வட்டி. ஒரு லட்சம் வாங்கிய முதல் மாதத்தில் உங்களிடம் அந்த ஒரு லட்சமும் இருக்கிறது. அதற்கு வட்டி கேட்பது நியாயம். ஆனால் மாதாமாதம் அசலும் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசி மாதத்தில் நீங்கள் வைத்திருக்கும் கடன் ஐயாயிரத்துக்கும் கீழே. ஃபிளாட் வட்டியில் முதல் மாதமும் 833 ரூபாய்தான் வட்டி, கடைசி மாதமும் அதே 833 ரூபாய்தான். கையில் இல்லாத பணத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். பாக்கி எவ்வளவோ அதற்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால், இதே தவணைக்கு விகிதம் எவ்வளவு வரும்? விரிதாளில் ஒரு காலிக் கட்டத்தில் இப்படித் தட்டுங்கள்:

```
=RATE(24,-5000,100000)*12
```

விடை 18.16 சதவீதம். இதுவரை கட்டணம் எதுவும் கணக்கில் வரவில்லை. வட்டியைச் சொல்லும் முறை மட்டும்தான் மாறியிருக்கிறது.

சூத்திரத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம். அடைப்புக்குள் முதலில் வருவது தவணைகளின் எண்ணிக்கை. அடுத்தது தவணைத் தொகை. மூன்றாவது, கடனாக வந்த பணம். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைக் கவனியுங்கள். உங்களிடமிருந்து வெளியே போகும் பணத்துக்குக் கழித்தல், உங்களிடம் வரும் பணத்துக்குக் கூட்டல் என்பது விரிதாளின் ஏற்பாடு. இரண்டுக்கும் ஒரே குறி போட்டால், பணம் வந்துகொண்டே இருக்கிறது, போகவே இல்லை என்று அதற்கு அர்த்தமாகும். அப்படியொரு கடனுக்கு வட்டி விகிதமே கிடையாது என்பதால் `#NUM!` என்று கைவிரித்துவிடும். கடைசியில் உள்ள பன்னிரண்டு எதற்கு என்றால், நாம் கொடுத்தது மாதத் தவணை, அதனால் கிடைப்பதும் மாத விகிதம். அதை ஆண்டுக்கு மாற்றப் பன்னிரண்டால் பெருக்குகிறோம். 24 மாதம் என்பதற்குப் பதில் 2 ஆண்டு என்று போட்டுவிட்டு, தவணையை மட்டும் மாதக் கணக்கில் விட்டால் பொருளற்ற விடைதான் வரும்.

இன்னொன்று. எக்செல் இந்த விடையைப் பல சமயம் முழு எண்ணாகச் சுருக்கி, 18% என்று மட்டும் காட்டும். கட்டத்தின் வடிவமைப்பில் தசம இடங்களை இரண்டாகக் கூட்டிக்கொள்ளுங்கள். விடை 0.1816 என்று வந்தாலும் திகைக்க வேண்டாம். அதுவும் 18.16 சதவீதம்தான்.

இனி இரண்டாம் படி. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் சில தொகைகள் சத்தமில்லாமல் கழியும். நம் உதாரணத்தில் பிராசசிங் ஃபீஸ் 2,500 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 450. டாக்குமென்ட் சார்ஜ், முத்திரைத்தாள் எல்லாம் சேர்ந்து 550. கடன் வாங்கியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடனை அடைக்கும் காப்பீட்டுக்குப் பிரீமியம் 1,500. ஆக மொத்தம் 5,000.

வங்கிக் கடன் என்றால் இந்த ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டு 95,000 மட்டும் கணக்கில் விழும். அப்போது கழிவு கண்ணுக்குத் தெரியும். பைக் கடனில் நடப்பது வேறு. ஒரு லட்சம் முழுசாக டீலருக்குப் போய்விடும். கட்டணங்களை முன்பணத்தோடு சேர்த்து உங்கள் பாக்கெட்டிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். வண்டி விலை, பதிவு, வண்டிக் காப்பீடு என்று நீளும் பில்லில் ஒரு வரியாக அதுவும் ஒளிந்துகொள்ளும். எனக்கு ஒரு லட்சம் முழுதாகத்தானே கிடைத்தது என்று தோன்றும். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே நாளில் ஒரு லட்சம் வந்தது, அந்தக் கடனுக்காகவே ஐயாயிரம் போனது. நிகரமாகக் கிடைத்தது 95,000. மூன்றாவது இடத்தில் அந்த எண்தான் வர வேண்டும்:

```
=RATE(24,-5000,95000)*12
```

விடை 23.52 சதவீதம். மாதத்துக்கு 1.96.

ஐயாயிரம் என்பது கடனில் ஐந்து சதவீதம்தானே, இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு இரண்டரைதானே கூட வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் 18.16 இலிருந்து 23.52 என்றால் கூடியிருப்பது ஐந்துக்கும் மேலே. காரணம் அதே பழைய காரணம்தான். கட்டணம் முதல் நாளிலேயே போய்விடுகிறது. கடனோ மாதாமாதம் தேய்ந்துகொண்டே வருகிறது. இரண்டு ஆண்டு முழுக்கப் பார்த்தால் சராசரியாக உங்களிடம் இருந்த கடன், வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். அந்தப் பாதியின்மேல் ஐயாயிரத்தை ஏற்றினால் ஆண்டுக்கு ஐந்து வருவதில் வியப்பில்லை.

விரிதாள் சொல்கிறது என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. நீங்களே சரிபார்க்கலாம். ஒரு நிரலில் 95,000 இலிருந்து தொடங்குங்கள். முதல் மாத வட்டி 1.96 சதவீதத்துக்கு 1,862 ரூபாய். கட்டிய ஐயாயிரத்தில் அது போக மீதி 3,138 அசலுக்கு. பாக்கி 91,862. அடுத்த மாதம் அந்தப் பாக்கிக்கு வட்டி. இப்படி 24 வரி இழுத்துக்கொண்டே போனால், கடைசி வரியில் பாக்கி பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். தசமங்களைச் சுருக்கியதால் இரண்டொரு ரூபாய் முன்பின் இருக்கலாம். வேறு எந்த விகிதத்தைப் போட்டாலும் பூஜ்யம் வராது. RATE உள்ளே செய்வதும் இதைத்தான். இந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க நேரடிச் சமன்பாடு கிடையாது. அதனால் அது பத்து சதவீதம் என்று ஊகத்தில் தொடங்கி, திருத்தித் திருத்தி, கணக்கு நேராகும் இடத்தில் நிறுத்துகிறது. எப்போதாவது அது தடுமாறினால், ஆறாவது இடத்தில் நாமே ஒரு ஊகத்தைக் கொடுத்துத் தள்ளிவிடலாம். சாதாரணத் தவணைக் கடனுக்கு அந்தத் தேவை வருவதே இல்லை.

காப்பீட்டுப் பிரீமியத்தைச் சேர்ப்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஒரு பாதுகாப்பு கிடைக்கிறதே, அது எப்படி வட்டியாகும்? நீங்களாக விரும்பி, அதே காப்பீட்டை வெளியிலும் அந்த விலைக்கு வாங்கியிருப்பீர்கள் என்றால் விட்டுவிடலாம். அப்போது கைக்கு வந்தது 96,500 ஆகும், நிஜ வட்டி 21.87 சதவீதமாக இறங்கும். ஆனால் காப்பீடு போட்டால்தான் கடன் என்று சொல்லப்பட்டிருந்தால், அல்லது பில்லைப் பார்த்த பிறகுதான் அது இருப்பதே உங்களுக்குத் தெரிந்தது என்றால், அது கடனின் விலைதான். நான் சேர்த்தே கணக்குப் போடுவேன்.

முதல் தவணையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கமும் வண்டிக் கடன்களில் உண்டு. அட்வான்ஸ் இ.எம்.ஐ. என்பார்கள். நம் உதாரணத்தில் கட்டணம் ஐயாயிரத்தோடு முதல் தவணை ஐயாயிரத்தையும் அன்றே கட்டினால், நிகரமாக வந்தது 90,000, பாக்கித் தவணை 23.

```
=RATE(23,-5000,90000)*12
```

இப்போது 25.78 சதவீதம். கூடுதலாக ஒரு ரூபாய்கூட நீங்கள் கட்டவில்லை. ஒவ்வொரு தவணையும் ஒரு மாதம் முன்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். அதன் விலை இரண்டே கால் சதவீதம்.

இந்தக் கணக்கு உண்மையில் பயன்படுவது, இரண்டு கடன்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான். ஷோரூம்காரர் பத்து என்கிறார். உங்கள் ஊர் வங்கியில் குறையும் பாக்கிக்கு 21 சதவீதம், கட்டணம் எதுவும் இல்லை என்கிறார்கள். காதுக்கு 21 என்பது பத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனால் உங்களுக்கு வேண்டிய 95,000 ரூபாயை வங்கியில் வாங்கினால் தவணை எவ்வளவு என்று பாருங்கள்:

```
=PMT(21%/12,24,-95000)
```

4,882 ரூபாய் வரும். அதே பணம், அதே 24 மாதம், மாதத்துக்கு 118 ரூபாய் குறைவு. இருபத்தொன்று, பத்தைவிட மலிவு.

முன்கட்டணத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கடனைச் சீக்கிரம் அடைப்பவரையே அது அதிகம் தண்டிக்கும். போனஸ் வந்தது, ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று போகிறீர்கள். பன்னிரண்டு தவணை கட்டியபின் பாக்கி அசல் 54,493 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18.16 சதவீதத்தில் அட்டவணை போட்டால் அதுதான் வரும். அதை மொத்தமாகக் கட்டினால், இரண்டு ஆண்டுக்கு என்று கொடுத்த ஐயாயிரமும் ஒரே ஆண்டின் தலையில் விழுகிறது. RATE சூத்திரத்தில் நான்காவது இடம் இதற்குத்தான், கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகை:

```
=RATE(12,-5000,95000,-54493)*12
```

நிஜ வட்டி 25.2 சதவீதமாக ஏறுகிறது. பாக்கியில் நான்கு சதவீதம் முன்கூட்டி அடைக்கும் கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று ஒப்பந்தத்தில் இருந்தால் இன்னொரு 2,572 ரூபாய் சேரும். 54,493 என்ற இடத்தில் 57,065 என்று போட்டுப் பாருங்கள். 28 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே சீக்கிரம் அடைத்துவிடும் எண்ணம் இருப்பவர், வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட முன்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதே புத்திசாலித்தனம்.

பணத்தைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் வழக்கம் நிதி நிறுவனங்கள் கண்டுபிடித்ததல்ல. தண்டல் கடன் தெரிந்தவர்களுக்கு இது பழகிய கதை. பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் பத்து சதவீத வட்டி என்பார். இங்கே தவணை தினசரி என்பதால் 365 ஆல் பெருக்க வேண்டும்:

```
=RATE(100,-100,9000)*365
```

விடை 77.6 சதவீதம். பைக் கடனும் தண்டலும் அளவில் வேறு, அமைப்பில் ஒன்றே. பிடித்தம் முதல் நாளில், அசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப, வட்டி மட்டும் முழுத் தொகைக்கு.

RATE சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. தவணைகள் சம தொகையாக, சம இடைவெளியில் வர வேண்டும். 20ஆம் தேதி கடன் வாங்கி, முதல் தவணை அடுத்ததற்கடுத்த மாதம் 5ஆம் தேதி என்றால் முதல் இடைவெளி ஒன்றரை மாதம் ஆகிவிடும். இடைக்கால வட்டி என்று ஒரு தனித் தொகையும் பிடிப்பார்கள். சில நாள் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம், விடை அதிகம் மாறாது. துல்லியம் வேண்டுமானால் ஒரு நிரலில் தேதிகள், பக்கத்தில் அந்தந்தத் தேதியில் வந்த, போன தொகைகள் என்று எழுதி XIRR சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. RATE தரும் மாத விகிதத்தை நாம் வெறுமனே பன்னிரண்டால் பெருக்கினோம். XIRR அப்படிச் செய்வதில்லை, வட்டிக்கு வட்டி சேர்த்து ஆண்டு விகிதம் சொல்லும். நம் 23.52 சதவீதக் கடனே அதில் 26.2 என்று வரும். இரண்டும் சரிதான். ஒரு கடனை RATE மூலமும் இன்னொன்றை XIRR மூலமும் கணக்கிட்டு ஒப்பிடுவதுதான் தவறு.

இதில் எந்த முறையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது? ரிசர்வ் வங்கி என்ன செய்கிறதோ அதையே செய்வது நல்லது. 2024 ஏப்ரல் 15ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில், தனிநபர்களுக்கும் சிறு, குறுந் தொழில்களுக்கும் தரும் தவணைக் கடன்களுக்கு, முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று அது உத்தரவிட்டது. கே.எஃப்.எஸ். என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதுக் கடன்களுக்கு இது பொருந்தும். அதில் ஏ.பி.ஆர். என்று ஓர் ஆண்டு விகிதம் இருக்கும். கட்டணங்களையும், காப்பீடு போல மூன்றாமவருக்காகப் பிடிக்கும் தொகைகளையும் சேர்த்துத்தான் அந்த விகிதத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சுற்றறிக்கையோடு ஒரு மாதிரிக் கணக்கும் இருக்கிறது. கடன் 20,000 ரூபாய், 15 சதவீதம், 24 மாதம், தவணை 970, கட்டணம் 400, கைக்கு 19,600. ஏ.பி.ஆர். 17.07 சதவீதம் என்கிறது. உங்கள் விரிதாளில் `=RATE(24,-970,19600)*12` என்று போட்டால் 17.10 வரும். தவறு எங்கேயும் இல்லை. சரியான தவணை 969.73 ரூபாய், அதை 970 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். 969.73 என்று போட்டால் 17.07 வந்துவிடும். வட்டிக்கு வட்டி சேர்க்காமல் பன்னிரண்டால் பெருக்குவதுதான் அவர்கள் முறையும் என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் கடனுக்கும் இப்படிச் சில்லறைப் புள்ளிகளில் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். ஒன்று, இரண்டு என்று முழு சதவீதமே தள்ளி நின்றால், ஏதோ ஒரு கட்டணம் அவர்கள் தாளில் இல்லாமல் உங்கள் பில்லில் மட்டும் இருக்கிறது என்று பொருள். ஷோரூம் பில்லையும் கே.எஃப்.எஸ். தாளையும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் அது எது என்று தெரிந்துவிடும்.

ஏ.பி.ஆர். இருக்கும்போது நாம் எதற்குத் தட்ட வேண்டும் என்றால், அந்த விகிதம் கடைசித் தவணை வரை கட்டுவீர்கள் என்று வைத்துச் சொல்லப்படுவது. பாதியில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அதை நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடன் பேசும்போது கே.எஃப்.எஸ். தாளை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்பது விதி. ஏழு நாளுக்கு மேற்பட்ட கடன் என்றால் அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். அதனால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த ரேட் என்ற அவசரத்துக்கு நீங்கள் பணிய வேண்டியதில்லை. அந்தத் தாளில் இல்லாத எந்தக் கட்டணத்தையும், உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் முடியும்வரை எந்தக் கட்டத்திலும் அவர்கள் வசூலிக்க முடியாது.